மானியம் வராது என்று நினைத்துக் கணக்குப் போடுங்கள்



ஓய்வு பெற்ற பிறகு என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கையில் ஒரு கோப்போடு வருகிறார்கள். உள்ளே 'திட்ட அறிக்கை' இருக்கும். தொழில் தொடங்க அரசு மானியத்தோடு கடன் கேட்டு, மாவட்ட தொழில் மையத்தில் கொடுப்பதற்காக ஏதோ ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் தயாரித்தது. "சார், நீங்க கணக்கு வாத்தியார்தானே, ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்பார்கள். சென்ற ஆண்டு அப்படி வந்த ஒரு மாணவியின் கதையை அவள் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றாள்.

பிறந்த வீடு பெரம்பலூர் பக்கம், வாழ்க்கைப்பட்டது ஆண்டிமடம் பக்கம். பெரம்பலூரும் அரியலூரும் ஒரே மாவட்டமாக இருந்த காலத்தில் என்னிடம் படித்தவள். 2007 நவம்பரில் அரியலூர் தனி மாவட்டம் ஆன பிறகு தொழில் மையமும் தனி. ஆதார் முகவரி இன்னும் அம்மா வீட்டில் இருந்தது. "எந்த ஊரில் கொடுப்பது?" என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. தொழில் எந்த இடத்தில் நடக்கப் போகிறதோ அந்த மாவட்டம்தான். கொட்டகை ஆண்டிமடம் பக்கம், ஆகவே அரியலூர். முகவரியை முதலில் மாற்றச் சொன்னேன்.

தொழில், முந்திரிக்கொட்டை உடைத்துப் பருப்பு எடுப்பது. ஆண்டிமடம், செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக் காடு நிறைய. நல்ல யோசனைதான். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் விண்ணப்பிக்க முடிவு செய்திருந்தாள். கிராமத்தில் தொழில் தொடங்கும் பெண்களுக்கு அதில் திட்ட மதிப்பில் 35 சதவீதம் மானியம். கையிலிருந்து 5 சதவீதம் போட்டால் போதும். மாநில அரசின் படித்த வேலையற்ற இளைஞர்களுக்கான திட்டத்தில் மானியம் 25 சதவீதம். அதனால் இதைத் தேர்ந்தெடுத்தாள். இரண்டிலும் வாங்க முடியாது.

கோப்பில் இருந்த கணக்கு இது. மொத்தத் திட்டம் 10 லட்சம். கொதிகலன், உடைக்கும் கருவிகள், உலர்த்தும் இயந்திரம், கொட்டகைச் செலவு எல்லாம் சேர்த்து 6 லட்சம். கொட்டை வாங்க, கூலி கொடுக்க நடைமுறை மூலதனம் 4 லட்சம். சொந்தப் பணம் 50,000. வங்கிக் கடன் 9,50,000. மானியம் 3,50,000. கடைசிப் பக்கத்தில் ஆண்டு லாபம் 3,90,000 என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

"இந்த 3,90,000 எப்படி வந்தது?" என்று கேட்டேன். முழித்தாள். "அவங்க போட்டது சார்."

சரி, நாமே போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். அவள் விசாரித்து வந்திருந்த விலையை வைத்தே போட்டோம். இன்றைக்கு விலை மாறியிருக்கும், முறை மாறாது. எங்கள் பக்கம் ஒரு மூட்டை 80 கிலோ. பச்சைக் கொட்டை கிலோ 110 ரூபாய் என்றால் மூட்டை 8,800. அதில் பருப்பு 20 கிலோ தேறும், அதாவது நாலில் ஒரு பங்கு. முழுப் பருப்பு, உடைசல் எல்லாம் சேர்த்துச் சராசரி கிலோ 600 என்று வைத்தால் 12,000. மிச்சம் 3,200. உடைக்கிற கூலி, தோல் உரிக்கிற கூலி 1,500. மின்சாரம், விறகு, பை 400. கையில் நிற்பது மூட்டைக்கு 1,300. நாளுக்கு ஒரு மூட்டை, ஆண்டுக்கு 300 நாள். 1,300 × 300 = 3,90,000. கம்ப்யூட்டர் சென்டர் கணக்கு இப்படித்தான் வந்திருக்கிறது. பெருக்கல் சரி. தொழில்தான் தப்பு.

"ஏம்மா, செப்டம்பர் மாசம் உங்க ஊர்ல கொட்டை கிடைக்குமா?" என்றேன். சிரித்துவிட்டாள். நம் பக்கம் கொட்டை விழுவது மார்ச் முதல் மே வரை. 300 மூட்டையையும் அந்த மூன்று மாதத்தில் வாங்கி அடுக்கினால்தான் ஆண்டு முழுக்க 110 ரூபாய்க் கொட்டை. அதற்கு 26,40,000 ரூபாய் வேண்டும். கையில் இருக்கப் போவது 4 லட்சம். அது 45 மூட்டைக்குத்தான் காணும். இந்தத் திட்டத்தில் உற்பத்தித் தொழிலுக்கு நடைமுறை மூலதனம் மொத்தத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதால் அதை இஷ்டத்துக்குக் கூட்டவும் வழியில்லை.

45 மூட்டையை உடைத்து, விற்று, வந்த பணத்தில் மறுபடி வாங்கலாம். அப்படிச் சுற்றினால் சீசன் மூன்று மாதத்தில் 75 மூட்டை உடைக்கலாம், மே கடைசியில் 45 மூட்டை இருப்பு வைக்கலாம். ஆக 120 மூட்டை. ஜூலை கடைசிக்குள் கொட்டை தீர்ந்துவிடும். அதன் பிறகு பண்ருட்டிப் பக்கம் வியாபாரியிடம் வாங்க வேண்டும். கிலோ 130 என்று வையுங்கள். மூட்டை 10,400. பருப்பு விலை அதே 12,000. கூலியும் செலவும் 1,900. மூட்டைக்கு 300 ரூபாய் கைநஷ்டம்! 20 ரூபாய் விலை ஏற்றம் லாபத்தைத் தின்று முடித்துவிட்டது.

ஆக உண்மையான லாபம் 120 × 1,300 = 1,56,000. இனி வங்கிக்குக் கட்ட வேண்டியது. இயந்திரக் கடன் 5,70,000. 11 சதவீத வட்டி, ஐந்தாண்டு என்றால் மாதம் சுமார் 12,400, ஆண்டுக்கு 1,48,800. நடைமுறை மூலதனக் கடன் 3,80,000க்கு வட்டி மட்டும் 41,800. மொத்தம் 1,90,600. வருமானத்தைவிட 34,600 அதிகம். அவள் கழுத்துச் சங்கிலி எந்த மாதம் அடகுக்குப் போகும் என்பது வரை அந்தத் தாளிலேயே எழுதியிருந்தது. படிக்கத்தான் ஆள் இல்லை.

"மானியம் வருமே சார்" என்றாள். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். அந்த மூன்றரை லட்சம் நம் கைக்கு வருகிற பணம் அல்ல. வங்கி முதலில் கடன் கொடுக்கும். பிறகு மானியம் வங்கிக்கு வந்து, உங்கள் பெயரில் தனிக் கணக்கில் மூன்று ஆண்டு பூட்டி வைக்கப்படும். அதற்கு வட்டி கிடையாது. அந்த அளவு கடனுக்கு நீங்களும் வட்டி கட்ட வேண்டியதில்லை. மூன்று ஆண்டு கழித்து, நேரில் வந்து பார்த்து, தொழில் நடக்கிறது என்று உறுதியான பிறகே கடனில் கழிப்பார்கள். அதற்குள் தொழில் நின்றால் மானியம் நம்முடையது என்று சொல்ல முடியாது. நடைமுறை மூலதனக் கடனையும் எடுக்காமல் சும்மா வைத்திருக்கக் கூடாது. மூன்று ஆண்டுக்குள் ஒரு முறையாவது முழு வரம்பையும் தொட வேண்டும், பயன்பாடு 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. குறைந்தால் அந்த அளவு மானியத்தைத் திரும்ப எடுப்பார்கள். சீசன் தொழில் செய்கிறவர்கள் இதை முதலிலேயே வங்கியில் பேசிக்கொள்ள வேண்டும்.

அதனால்தான் நான் எல்லோரிடமும் சொல்வது: முதல் மூன்று ஆண்டுக் கணக்கை மானியமே வராது என்று நினைத்துப் போடுங்கள். அப்படியும் தவணை கட்ட முடிகிறது என்றால் தொழில் தொடங்குங்கள். மானியம் வந்தால்தான் தேறும் என்றால் அந்தத் தொழில் தேறாது.

அவளுக்கு வழி இல்லாமல் போகவில்லை. வியாபாரிகளின் கொட்டையைக் கூலிக்கு உடைத்துக் கொடுக்கலாமே என்று அவளே சொன்னாள். கொட்டை அவர்களுடையது, விலை ஏறினாலும் இறங்கினாலும் இவளுக்குக் கவலை இல்லை. மூட்டைக்கு 2,500 தருவதாக ஒருவர் சொல்லியிருந்தார். செலவு 1,900 போக 600 நிற்கும். மிச்ச ஆறு மாதத்தில் 150 மூட்டைக்கு 90,000. இரண்டும் சேர்த்து 2,46,000. வங்கிக்குப் போக 55,000 சொச்சம் கையில். பெரிய பணம் இல்லை, அவளுடைய உழைப்புக்கே காணாது. ஆனால் கடன் முடியும், சங்கிலி கழுத்தில் இருக்கும், ஐந்தாண்டு கழித்து இயந்திரம் அவளுடையது.

இன்னொன்றும் செய்யச் சொன்னேன். அந்த '20 கிலோ பருப்பு' உண்மையா? நான்கு தோட்டத்தில் தலா ஒரு கிலோ காய்ந்த கொட்டை வாங்கி, வேகவைத்து உடைத்து, பருப்பை எடை போட்டாள். மூன்று இடத்தில் 250 கிராமை ஒட்டி வந்தது, ஓர் இடத்தில் 210தான். 210 என்றால் மூட்டைக்கு 17 கிலோகூட இல்லை, கூலி கொடுத்த பிறகு மிஞ்சுவது நஷ்டம்தான். ஈரக் கொட்டையை எடை போட்டு வாங்கினாலும் இதே கதி. இந்த எடைக் கணக்கை எழுதி அறிக்கையோடு வைத்தாள்.

புது அறிக்கை ஐந்தே பக்கம். அவளே தமிழில் எழுதி, பிறகு படிவத்துக்கு ஏற்பத் தட்டச்சு செய்தது. எங்கே வாங்குவேன், எந்த மாதம் எத்தனை மூட்டை, யாருக்கு விற்பேன், பணம் எத்தனை நாளில் வரும், தவணை எதிலிருந்து கட்டுவேன். அதோடு ஜி.எஸ்.டி. எண்ணுள்ள இயந்திர விலைப்புள்ளி, கொட்டகை வாடகை ஒப்பந்தம், கல்விச் சான்று, கிராமப் பகுதி என்பதற்கான சான்று. வங்கியில் மேலாளர் கேட்ட முதல் கேள்வி, "சீசன் முடிஞ்சா என்ன செய்வீங்க?" என்பதுதானாம். தாளைப் பார்க்காமல் பதில் சொல்லியிருக்கிறாள். கடன் கிடைத்து இந்த சீசனில் உடைக்கத் தொடங்கிவிட்டாள். மானியம் இன்னும் பூட்டில்தான் இருக்கிறது.

என் ஆதங்கம் இதுதான். திட்ட அறிக்கையை நாம் ரேஷன் கார்டு ஜெராக்ஸ் மாதிரி ஒரு தாளாக நினைக்கிறோம். ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுத்து வாங்கி இணைக்கிறோம். வாங்குகிற அலுவலகமும் பக்கம் இருக்கிறதா என்று பார்க்கிறதே தவிர, எழுதியவர் யார் என்று கேட்பதில்லை. விண்ணப்பதாரரை உட்கார வைத்து "மாதவாரியாகச் சொல்லுங்கள்" என்று பத்து நிமிடம் கேட்டால் போதும். பாதி வாராக்கடன் அந்த மேசையிலேயே நின்றுவிடும் என்பது என் எண்ணம். பொய் அறிக்கையால் கடன் கிடைக்காமல் போனால் நஷ்டம் இல்லை. கிடைத்துவிட்டால்தான் நஷ்டம்.

கோப்போடு வருகிறவர்கள் வாருங்கள். பேனாவும் வெள்ளைத் தாளும் நான் தருகிறேன். கூட்டல் கழித்தலை நீங்கள்தான் போட வேண்டும்.

அன்புடன்,
ஓய்வு பெற்ற கணித ஆசிரியர், பெரம்பலூர்