ஆட்டோக்காரரின் வாரக் கணக்கு

சென்னையில் ஆட்டோ கட்டணத்தைப் பற்றிய பிரஸ்தாபம் எழும்போதெல்லாம் இரண்டு கட்சிகள் எதிரெதிரே வந்து நிற்கின்றன. வாயில் வந்ததைக் கேட்கிறார்கள் என்கிறார்கள் பிரயாணிகள். மீட்டர்படி ஓட்டினால் கட்டுப்படியாகாது என்கிறார்கள் ஓட்டுநர்கள். இரண்டிலும் வாஸ்தவம் உண்டு. ஆனால் காட்டுவதற்கு ஒரு காகிதத் துண்டுகூட இரு தரப்பிலும் அநேகமாக இருப்பதில்லை. 2013 ஆகஸ்டில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்றும், அதற்குமேல் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்றும் சர்க்கார் நிர்ணயம் செய்தபோது பெட்ரோல் லிட்டர் 75 ரூபாயை ஒட்டி இருந்தது. அது நூறைத் தாண்டிய பிறகும் அந்த நிர்ணயம் பத்தாண்டுகளுக்கு மேலாகத் திருத்தம் காணாமலே கிடந்தது. இந்த வழக்கு தீர வேண்டுமானால் ஓட்டுநர் நாள்தோறும் எழுதி வாரக் கடைசியில் கூட்டும் கணக்கே கட்டணத்திற்கு ஆதாரமாக வேண்டும் என்பதும், அந்தக் கணக்கில் இன்று பெரும்பாலோர் எழுதாமல் விடுகிற சில செலவுகள் ஏறியே தீர வேண்டும் என்பதும் நமது திடமான அபிப்பிராயம்.

எழுதாமல் விடுவது எது என்பது ஒரு வாரத்தை விரித்துப் பார்த்தால்தான் விளங்கும். தவணையில் வாங்கிய சொந்த வண்டி, நாளொன்றுக்குப் பதினோரு மணி நேரமாக ஆறு நாள் ஓட்டம், ஞாயிறு ஓய்வு என்று வைத்துக்கொள்வோம். எண்கள் நாம் கற்பித்தவை. ஆயினும் ஸ்டாண்டில் நிற்பவர்களுக்கு அவை அந்நியமாகத் தோன்றமாட்டா. திங்கள் 1,350, செவ்வாய் 1,200, புதன் 1,280, வியாழன் 1,150, வெள்ளி 1,420, சனி 1,600 என்று கலெக்‌ஷன் ஆக, வாரத்திற்கு 8,000 ரூபாய். வண்டி ஓடியது 660 கிலோமீட்டர். அதற்கு 24 லிட்டர் பெட்ரோலை லிட்டர் நூறென்று முழுமையாக்கினால் 2,400. வழியில் சாப்பாடும் டீயும் 720, சவாரி தேடித் தரும் செயலிக்கு நாள் கட்டணமாக 150, பஞ்சர், பார்க்கிங் முதலியவை 130. ஆகக் கைவிட்டுப் போனது 3,400. கையில் நிற்பது 4,600. இந்த 4,600 ரூபாயைத்தான் அவர் வாரத்து லாபமென்று மனத்தில் வைத்துக்கொண்டு வீட்டிற்குப் போகிறார். பிரயாணியும் ஏறக்குறைய இதே தொகையைக் கணித்துத்தான், மாதத்திற்கு இருபதாயிரம் சுளையாக வருகிறதே என்று பொருமுகிறார்.

இனி, அந்த வாரத்தில் ஒருவரும் வந்து கேட்காத செலவுகள் இருக்கின்றன. இன்சூரன்ஸ் வருஷத்திற்கு ஒருமுறை வருவது, எஃப்.சி.க்குப் போவதற்குமுன் டிங்கரிங், பெயின்ட், சீட் என்று வண்டியைச் சிங்காரிக்க வேண்டும், வரி வேறு. இவையெல்லாம் சேர்ந்து வருஷம் 20,800 ரூபாய் என்றால், சாதாரண வாரமொன்று சத்தமில்லாமல் 400 ரூபாயைத் தன் தலையில் சுமந்துகொண்டுதான் கழிகிறது. டயரும் அப்படியே. மூன்று டயருக்கு 6,000 ரூபாய் கொடுத்து முப்பதாயிரம் கிலோமீட்டர் ஓட்டினால் கிலோமீட்டருக்கு 20 காசு தேய்கிறது; என்ஜின் ஆயிலுக்கு ஒரு 10 காசு, கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, கேபிள் இவற்றுக்கு 30 காசு என்று கூட்டினால், 660 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ மற்றொரு 400 ரூபாய். இரண்டரை லட்சத்துக்கு வாங்கிய வண்டி எட்டு வருஷம் கழித்து ஐம்பதாயிரத்துக்குத்தான் விலைபோகுமென்றால், இடையில் கரைந்த இரண்டு லட்சமும் வாரம் 480 ரூபாய் வீதம் கரைந்ததேயாகும்.

தவணையின் விஷயம் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டியது; கணக்கு எழுதுகிறவர்களும் தடுமாறும் இடம் இதுதான். மாதம் 6,500 ரூபாய் டியூ என்றால் வாரத்திற்கு 1,500. இந்த முழுத் தொகையையும் செலவென்று எழுதிவிட்டு வண்டியின் தேய்மானத்தையும் எழுதினால், ஒரே வண்டியின் விலையை இரண்டு தரம் கழித்தவராவோம். இரண்டையும் எழுதாமல் விட்டாலோ வண்டி இனாமாக வந்ததென்று ஆகும். அசலாகப் போகிற பகுதி கடனைக் குறைக்கிறதே தவிர நஷ்டமாவதில்லை. வட்டி மட்டுமே செலவு. 1,500-இல் வட்டி 600 என்று கொண்டால், மேலே சொன்ன 4,600-லிருந்து 400, 400, 480, 600 ஆகிய நான்கும் கழிந்து, உண்மையான வார லாபம் 2,720 ரூபாயாக நிற்கிறது. வீட்டுக்கு எடுத்துப்போகக்கூடிய ரொக்கமோ இன்னும் குறைவு: அசல் 900 ரூபாயையும் கட்டித்தானே ஆகவேண்டும்? தேய்மானம் ரொக்கமாக வெளியே போவதில்லை என்பதையும் கவனித்துக் கணக்கிட்டால் 2,300 ரூபாய் தேறுகிறது. லாபமென்று நினைத்த தொகையில் இது சரிபாதி. மற்றப் பாதியையும் அரிசிக்கும் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் நல்ல மனத்தோடு செலவழித்துவிட்ட மனிதர், எஃப்.சி. மாதம் வந்ததும் தண்டல்காரரிடம் போய் நிற்கிறார். அதை ஊதாரித்தனம் என்று உலகம் சொல்கிறது. கணக்கில் இல்லாத செலவுக்குப் பணம் ஒதுக்க யாரால் முடியும்?

வாடகை வண்டி ஓட்டுகிறவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. இன்சூரன்சும் தேய்மானமும் வட்டியும் நாள் வாடகைக்குள்ளேயே அடங்கிவிடுவதால், கையில் நிற்பதே அவருடைய லாபம். சொந்த வண்டிக்காரர் தம்மை அவரைவிட மேலானவராக எண்ணிக்கொள்வதில் பாதி, இந்த எழுதாத செலவுகள் உண்டாக்கிய மயக்கம்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.

நாள் கணக்கு எழுதுவது பெரிய வித்தையன்று. காலையில் வண்டி எடுக்கும்போதும் இரவில் நிறுத்தும்போதும் கிலோமீட்டர் எண்ணைக் குறிக்க வேண்டும். ஒவ்வொரு சவாரியும் முடிந்தவுடன் தூரமும் தொகையும் ஒரு வரியில் ஏற வேண்டும். ரொக்கம் வேறு, க்யூ.ஆர். அட்டை வழியே வங்கிக்குப் போனது வேறு என இரண்டு பத்திகள் தேவை. இல்லாவிட்டால் பையைத் தட்டிப் பார்த்து அன்றைய வருமானத்தைச் சொல்லும் பழக்கம், இப்போது பாதி வருமானத்தை மறைத்துவிடும். மத்தியானம் வீட்டுக்குக் கொடுத்த முந்நூறு ரூபாய் தொழில் செலவன்று. தண்டலுக்குக் கட்டிய அசலும் அன்று. இவை தனிப்பத்தியில் நின்றால்தான் இரவில் சில்லறையை எண்ணும்போது கணக்கு நேராகும். பெட்ரோல் விஷயத்தில் வாங்கியதும் எரிந்ததும் ஒன்றல்ல. ஆகையால் சனி இரவு டேங்கை நிரப்பி வாரத்தை முடித்து, அடுத்த சனி இரவும் அதே அளவுக்கு நிரப்பினால், இடையில் போட்டதெல்லாம் அந்த வாரத்தில் எரிந்ததாகும். லிட்டருக்கு இருபத்தேழரை கிலோமீட்டர் கொடுத்த வண்டி ஒரு வாரம் இருபத்துமூன்றுக்கு இறங்கினால், கிளட்ச் நழுவுகிறதா, பிரேக் பிடித்துக்கொண்டே ஓடுகிறதா, அல்லது பங்க்கில் அளவு குறைகிறதா என்று பார்க்கும்படி மெக்கானிக்கிடம் போவதற்கு முன்பே அந்த நோட்டு சொல்லிவிடும்.

அந்த நோட்டு சொல்லும் முக்கியமான சேதி இன்னொன்று உண்டு. நமது உதாரணத்தில் ஓடிய 660 கிலோமீட்டரில் ஆள் ஏறியிருந்தது 410. மீதி 250 காலி ஓட்டம். சவாரிக்குச் சராசரி ஐந்து கிலோமீட்டராக வாரத்தில் 82 சவாரி. பிரயாணி கொடுத்தது கிலோமீட்டருக்குப் பத்தொன்பதரை ரூபாய். சக்கரம் உருண்ட ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வந்ததோ 12 ரூபாய் சொச்சம். தெரிந்த செலவும் தெரியாத செலவுமாக மொத்தம் 5,280 ரூபாய், அதாவது கிலோமீட்டருக்கு எட்டு ரூபாய். இப்போது இதே 82 சவாரியையும் 2013-ஆம் வருஷத்து நிர்ணயப்படி மீட்டர் போட்டு ஓட்டியதாக வைத்துக்கொள்வோம். ஐந்து கிலோமீட்டர் சவாரிக்கு 63 ரூபாய் 40 காசு. வாரத்துக்கு ஏறத்தாழ 5,200 ரூபாய். செலவுக்கே எண்பது ரூபாய் குறைகிறது. காத்திருப்புக் கட்டணமும் இரவுக் கட்டணமும் அந்த எண்பதை ஈடுசெய்து கொஞ்சம் மிச்சமும் வைக்கலாம். அறுபத்தாறு மணி நேர உழைப்புக்குக் கூலி கொடுக்க அவற்றால் ஆகாது. மீட்டர் போடாதவரைத் தண்டிக்க வேண்டும் என்கிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்துவிட்டுப் பிறகு பேசுவது நியாயமாக இருக்கும்.

இதைச் சொல்வதால் நாம் ஓட்டுநர் பக்கமே சாய்கிறோம் என்று எண்ண வேண்டாம். இந்த நோட்டு இருபுறமும் வெட்டும். மழை நாளில் மூன்று கிலோமீட்டருக்கு இருநூறு வாங்கியதும் அதில் ஒரு வரியாக நிற்கும். ஸ்டாண்டை விட்டு நகராமல் கொழுத்த சவாரிக்காகக் காத்திருந்த மணிகளும், நியாயமான சவாரியை மறுத்ததால் உண்டான காலி ஓட்டமும் அதில் தெரியும். அவற்றின் சுமையைப் பிரயாணி ஏற்க வேண்டியதில்லை. கணக்கு எழுதினால் வருமான வரிக்காரர் வருவார் என்று சிலர் அஞ்சுவதும் காதில் விழுகிறது. வாரம் 2,720 ரூபாய் வருஷத்துக்கு ஒன்றரை லட்சத்தைத் தொடாது. வரி வரம்பு அதற்கு வெகு தூரத்தில் இருக்கிறது.

ஆகவே, கட்டணத்தைத் திருத்தப் போகிற எந்தக் குழுவும் சங்கத் தலைவர்களையும் நுகர்வோர் பிரதிநிதிகளையும் ஒரு மேஜையைச் சுற்றி உட்காரவைத்து வாதங்களைக் கேட்பதோடு நின்றுவிடலாகாது. பெட்ரோல், எல்.பி.ஜி., சி.என்.ஜி., மின்சாரம் என்று எல்லா வகை வண்டிகளிலிருந்தும், சொந்த வண்டி, வாடகை வண்டி இரண்டிலிருந்தும், தியாகராய நகர்போல் சவாரிக்குத் தட்டுப்பாடில்லாத இடத்திலிருந்தும் காலியாகத் திரும்ப நேரும் புறநகர்களிலிருந்தும், சில வாரங்களுக்கு ஒரே மாதிரிப் படிவத்தில் எழுதிய கணக்குகளை வரவழைத்து, கிலோமீட்டர் செலவையும் காலி ஓட்டத்தின் விகிதத்தையும் பகிரங்கமாக அச்சிட வேண்டும். எரிபொருள் விலை ஏறும்போதும் இறங்கும்போதும் அந்தச் செலவு எவ்வளவு அசையும் என்பதை அதே கணக்கிலிருந்து சொல்லி, வருஷந்தோறும் திருத்த வேண்டும்.

அதன்பிறகு குழுவின் முன் மிஞ்சுவது ஒரு கேள்விதான். நமது உதாரணத்தில் 2,720 ரூபாயை 66 மணி நேரத்துக்குப் பங்கிட்டால் மணிக்கு 41 ரூபாய் வருகிறது. போக்குவரத்து நெரிசலில், வெயிலில், லைசென்சும் பேட்ஜும் பெற்ற ஒரு மனிதர் வண்டி ஓட்டுவதற்கு மணிக்கு எத்தனை ரூபாய் தகும் என்பதை எந்த நோட்டும் சொல்லாது. சர்க்கார்தான் அந்த எண்ணைத் தன் உத்தரவிலேயே எழுதி, அதிலிருந்து கட்டணத்தைக் கணக்கிட்டுக் காட்ட வேண்டும்.