ரயில் வளைந்தது எவ்வளவு?

டியூஷன் எடுத்து பாக்கெட் மணி தேத்துற ஆளா நீங்க? அப்படின்னா இந்த சீன் உங்களுக்கும் நடந்திருக்கும்.

திருக்கடையூர்ல பத்தாம் வகுப்புப் பையன் ஒருத்தன். நேர்க்கோட்டுச் சூத்திரம் எல்லாத்தையும் தண்ணி மாதிரி ஒப்பிச்சான். கணக்கைக் கொடுத்தா, "அண்ணே, இதுக்கு எதைப் போடணும்?"னு முழிக்கிறான். அவனுக்குச் சூத்திரம் தெரியும். எப்போ எதுன்னுதான் தெரியல. அதனால புத்தகத்தை மூடிவிட்டு, அவன் ஊரையே வரைபடமாக்கினோம்.

திருக்கடையூர் ஆதிப்புள்ளி, (0, 0). கிழக்கு x, வடக்கு y. ஒரு அலகு ஒரு கிலோமீட்டர். தோராயமாக முழு எண்ணில் வைத்தால் மயிலாடுதுறை (-17, 3), தரங்கம்பாடி (5, -5), பூம்புகார் (5, 8).

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்கு 1926-ல் ரயில் விட்டார்கள். 1986-ல் நிறுத்திவிட்டார்கள். அந்தப் பாதை திருக்கடையூர் வழியாகப் போனது. நேர்க்கோடாகப் போட்டிருந்தால் ஊருக்கு எவ்வளவு தள்ளிப் போயிருக்கும்? இதுதான் கணக்கு.

முதல் கேள்வி எப்பவும் ஒன்றுதான்: கையில் என்ன இருக்கு? இங்கே இருப்பது இரண்டு புள்ளி. ஆக, முதலில் சாய்வு.

m = (y2 - y1)/(x2 - x1) = (-5 - 3)/(5 - (-17)) = -8/22 = -4/11

பையன் கீழே 17 - 5 என்று போட்டு 12 ஆக்கிவிட்டான். மேலே தரங்கம்பாடியை முதலில் வைத்தவன், கீழே மயிலாடுதுறையை முதலில் வைத்து, மைனஸையும் விட்டுவிட்டான். விடை -2/3. குறி சரியாக இருப்பதால் சந்தேகமே வராது. படம்தான் காட்டிக்கொடுக்கும்: மயிலாடுதுறை y அச்சுக்கு இந்தப் பக்கம் 17, தரங்கம்பாடி அந்தப் பக்கம் 5. நடுவில் 22 இருந்தே ஆகணும். கோடு இடமிருந்து வலமாக இறங்குகிறதா? அப்போ சாய்வு மைனஸ்.

இப்போது கையில் சாய்வும் ஒரு புள்ளியும் இருக்கு. அதற்குப் புள்ளி-சாய்வு வடிவம்: y - y1 = m(x - x1). தரங்கம்பாடியைப் போடுங்க.

y + 5 = (-4/11)(x - 5)
4x + 11y + 35 = 0

மயிலாடுதுறையைப் போட்டுச் சரிபாருங்க: -68 + 33 + 35 = 0. சரி.

சாய்வும் y வெட்டுத்துண்டும் கொடுத்திருந்தால் y = mx + c. படத்தில் y அச்சில் c-ஐக் குறித்து, அங்கிருந்து சாய்வைப் பிடிக்கணும். இரண்டு வெட்டுத்துண்டும் கொடுத்திருந்தால் x/a + y/b = 1. இரண்டு அச்சிலும் புள்ளி வைத்து இழுத்தால் வேலை முடிந்தது. நம்ம கோட்டில் a = -8.75, b ஏறக்குறைய -3.2. இரண்டுமே மைனஸ், அதாவது கோடு ஊருக்கு மேற்கேயும் தெற்கேயும் அச்சுகளை வெட்டுது. ஊரைத் தொடாமல் தெற்கே கடந்து போகிறது என்பது படத்திலேயே தெரிஞ்சு போச்சு.

கடைசிப் படி, புள்ளியிலிருந்து கோட்டுக்குச் செங்குத்துத் தூரம். பதினொன்றாம் வகுப்புச் சூத்திரம் இது. கோட்டை ax + by + c = 0 என்று எழுதிய பிறகுதான் போடணும்.

d = |ax1 + by1 + c| / √(a² + b²) = 35/√137 ≈ 3

மூன்று கிலோமீட்டர்! அவ்வளவு தூரம் வடக்கே வளைந்துதான் ரயில் நம்ம ஊரைத் தொட்டது. "3.2-ன்னு வரலையே அண்ணே?" என்றான் பையன். 3.2 என்பது y அச்சு வழியாக நேர் தெற்கே நடந்த தூரம். குறைந்த தூரம் கோட்டுக்குச் செங்குத்தாகப் போவதுதான். அது எப்பவும் கொஞ்சம் கம்மியாகத்தான் வரணும்.

இனி பொறிகள் இரண்டு. தரங்கம்பாடியையும் பூம்புகாரையும் சேர்த்துச் சாய்வு கண்டுபிடிக்கச் சொன்னேன். 13/0. பையன் பூஜ்ஜியம் என்றான். தப்பு. சாய்வு பூஜ்ஜியம் என்றால் படுத்த கோடு. இது நிமிர்ந்த கோடு, சாய்வே வரையறுக்கப்படவில்லை. இரண்டு ஊரின் x-உம் ஒன்றாக இருந்தால் எந்தச் சூத்திரமும் வேண்டாம்; x = 5 என்று எழுதிவிட்டுப் போகலாம். நம்ம வரைபடத்தில் கடற்கரைக் கோடே அதுதான்.

இரண்டாவது, திருக்கடையூரையும் மயிலாடுதுறையையும் சேர்க்கும் கோடு. அது ஆதிப்புள்ளி வழியாகப் போகிறது. இரண்டு வெட்டுத்துண்டும் பூஜ்ஜியம் என்பதால் x/a + y/b = 1 இங்கே செல்லாது. y = mx போதும்: y = -3x/17.

அடுத்த வகுப்புக்குப் பையன் கொண்டுவந்த சூத்திரத் தாளில் ஒவ்வொரு சூத்திரத்துக்கும் பக்கத்தில் ஒரு குட்டிப் படம், கீழே "கையில் என்ன இருக்கு?" என்று ஒரு வரி. x = 5-க்குப் பக்கத்தில் மட்டும் அலை வரைந்திருந்தான். உங்க டியூஷன் பசங்ககிட்டேயும் அவங்க ஊரை வைத்து ஒரு தாள் வாங்கிப் பாருங்க.