திருடனின் எண்ணை முதல் வரியில் வைத்தவர் யார்?





நம் தெருவில் ஒரு சகோதரி அண்மையில் 49,870 ரூபாயை இழந்தார். கணவர் துபாயில் இருக்கிறார். அனுப்பும் பணத்தைக் கொண்டு வீட்டையும் பிள்ளைகளையும் கவனிப்பவர் இவர். செய்தி பரவியதும் திண்ணையிலும் பள்ளிவாசல் வாசலிலும் முதலில் எழுந்த சொல் "பேராசை" என்பதுதான். இந்தச் சொல்லை நாம் மறுக்கிறோம். அவர் பரிசுச் சீட்டை நம்பவில்லை, இரட்டிப்பு வட்டியைத் தேடவில்லை. தம் கணக்கிலிருந்து போன 2,350 ரூபாய் எங்கே என்று கேட்டார். தம் பணத்தைத் தாமே கேட்பது எப்போதிலிருந்து பேராசை ஆயிற்று?

நடந்தது இதுதான். துணிக்கடையில் கியூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து 2,350 ரூபாய் செலுத்தினார். கணக்கில் பணம் குறைந்தது. கடையில் இருந்த ஒலிப்பெட்டியோ பேசவில்லை. கடைக்காரர் தமக்கு வரவில்லை என்றார். சகோதரி கையிலிருந்த ரொக்கத்தைக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினார். செயலியில் அந்தப் பரிவர்த்தனை நிலுவையில் என்றே காட்டியது. உடனே அந்தச் செயலியின் பெயரையும் கஸ்டமர் கேர் நம்பர் என்பதையும் சேர்த்துத் தேடுபொறியில் இட்டார். முதல் வரியிலேயே பெரிய எழுத்தில் ஓர் எண் வந்தது. அழைத்தார்.

எடுத்தவன் நல்ல தமிழில், மரியாதையாகப் பேசினான். எந்த வங்கி, எவ்வளவு தொகை, எத்தனை மணிக்கு என்று கேட்டான். அவர் சொன்னவற்றையே சற்று நேரம் கழித்து, தன் கணினியில் பார்த்துச் சொல்வதுபோல் திருப்பிச் சொன்னான். "எல்லா விவரமும் அவனுக்குத் தெரிந்திருந்ததே" என்று சகோதரி நம்மிடம் வியந்தார். அவனுக்கு ஒன்றுமே தெரியாது. அவர் கொடுத்ததை அவரிடமே காட்டினான், அவ்வளவுதான்.

பிறகு, பணத்தைத் திருப்பும் பிரிவிலிருந்து பேசுவதாக வேறொருவன் வந்தான். திரையைப் பகிரும் ஒரு செயலியை இறக்கச் சொன்னான். அதன் பின் அவர் கைப்பேசியில் தெரிவதெல்லாம் அவனுக்கும் தெரிந்தது, குறுஞ்செய்தியில் வந்த ஓடிபி உட்பட. பணம் அனுப்பும் பக்கத்தைத் திறக்கச் செய்து, நிறுவனத்தின் பெயர் கலந்த ஒரு யுபிஐ முகவரியை இடச் சொன்னான். அடுத்த கட்டத்தில் "உங்கள் டோக்கன் எண் 24935, அதைப் போடுங்கள்" என்றான். அந்தக் கட்டம் தொகைக்கான கட்டம். டோக்கன் எண் என்று காதில் விழுந்ததை விரல் அப்படியே எழுதியது. பின்பு "உறுதிசெய்யப் பின் எண்ணை இடுங்கள்" என்றான். இட்டார். "முதல் முறை பதிவாகவில்லை, மறுபடி செய்யுங்கள்" என்றான். மறுபடியும் இட்டார். 24,935 ரூபாய் இரண்டு முறை போயிற்று.

இங்கே ஒரு விதியை வீட்டில் எல்லோரும் மனத்தில் நிறுத்த வேண்டும். யுபிஐ வழியில் பணத்தைப் பெறுவதற்குப் பின் எண் தேவையே இல்லை. பின் எண்ணைக் கேட்கும் திரை வந்துவிட்டது என்றால், நம் கணக்கிலிருந்து பணம் வெளியே போகப்போகிறது அல்லது நம் இருப்புத் தொகை காட்டப்படப்போகிறது. திருப்பித் தருவதாகச் சொல்லிக்கொண்டு ஒருவன் பின் எண்ணை இடச் சொன்னால், அவன் தருபவன் அல்லன், எடுப்பவன்.

இன்னும் கசப்பான ஒன்று உண்டு. அந்த 2,350 ரூபாய்க்காக அவர் எவரையும் அழைத்திருக்கவே வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, யுபிஐ மூலம் கடைக்குச் செலுத்திய பணம் கணக்கில் குறைந்தும் கடைக்கு உறுதியாகாமல் நின்றால், பரிவர்த்தனை நாளிலிருந்து 5 நாட்களுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். தனிநபருக்கு அனுப்பியது அவர் கணக்கில் சேராவிட்டால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் இழப்பீடும் உண்டு. சகோதரியின் 2,350 ரூபாய் நான்காம் நாள் யாருடைய தயவுமின்றித் திரும்பி வந்தது. இந்த விதியைச் செயலியின் அந்தத் திரையிலேயே, "நிலுவையில்" என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு வரியாக, தமிழில் எழுதியிருந்தால் அவர் தேடுபொறியின் பக்கமே போயிருக்க மாட்டார். கேஷ்பேக் விளம்பரத்துக்கு அதே திரையில் இடம் இருக்கிறது. இதற்கு இல்லை.

நம் குற்றச்சாட்டு இங்கேதான் தொடங்குகிறது. உதவி எண்ணைத் தேடி மக்கள் அலைவது, அது எளிதில் கிடைக்காத இடத்தில் வைக்கப்பட்டிருப்பதால்தான். நான்கு பட்டியல்களைத் தாண்டிச் சென்றால் அங்கே தானியங்கி அரட்டை ஒன்று கேட்டதையே மீண்டும் கேட்கிறது. மனிதக் குரலைக் கேட்க வேண்டும் என்பது பதறியவரின் இயல்பான தேவை. அதை நிறுவனம் மறுக்கும்போது, திருடன் முதல் மணியிலேயே எடுத்து "சொல்லுங்க மேடம்" என்கிறான்.

அடுத்த குற்றச்சாட்டு தேடுபொறிகள் மீது. அந்த எண் எப்படி முதல் வரிக்கு வந்தது? பல வழிகள் உண்டு. பணம் கட்டினால் விளம்பரமாக மேலே வரலாம். அருகில் விளம்பரம் என்று சிறு எழுத்தில் இருக்கும், பதறிய கண்ணுக்கு அது படாது. வரைபடச் சேவையில் ஒரு கிளை அலுவலகம்போல் பதிந்து தன் எண்ணைச் சேர்க்கலாம். அங்கே ஏற்கெனவே இருக்கும் வங்கிக் கிளையின் எண்ணைத் திருத்தும்படி எவரும் பரிந்துரைக்கலாம், அது கவனிக்கப்படாமல் ஏறிவிட்டதும் நடந்திருக்கிறது. கேள்வி பதில் தளங்களிலும் பிறருடைய பக்கங்களிலும் நூற்றுக்கணக்கில் எண்ணைத் தூவி வைத்தால், தேடுபொறி அதையே விடை என்று பொறுக்கி எடுத்துக் காட்டும். சமூக வலைத்தளத்தில் நிறுவனத்தின் மீது நாம் குறை எழுதினால், அதே முத்திரையுடன் போலிக் கணக்கு ஒன்று சில நிமிடங்களில் எண்ணைத் தந்து அழைக்கச் சொல்லும். இவற்றில் முதல் வழிக்குத் தேடுபொறி நிறுவனம் காசு வாங்குகிறது. களவுப் பொருளை விற்கக் கடையில் இடம் கொடுத்து வாடகையும் பெற்ற பின், "விற்றவனை எனக்குத் தெரியாது" என்று நம் ஊர்ச் சந்தையில் எவராவது சொன்னால் நாம் ஏற்போமா?

மூன்றாவது விரல் நம் பக்கமே திரும்புகிறது. "அனைத்து வங்கிகளின் உதவி எண்கள், பத்திரப்படுத்திக் கொள்ளுங்கள்" என்ற பட்டியல் நம் ஜமாஅத் வாட்ஸ்அப் குழுக்களில் எத்தனை முறை வந்திருக்கிறது! அனுப்பியவரில் ஒருவராவது ஓர் எண்ணைச் சோதித்ததுண்டா? அதனால்தான் இக்கட்டுரையில் எந்த வங்கியின் எண்ணையும், எந்தச் செயலியின் எண்ணையும் நாம் தரவில்லை. எங்களிடமிருந்தும் வாங்காதீர்கள்.

அப்படியானால் உண்மையான உதவியை அடைவது எப்படி? தேடுபொறியிலிருந்து புறப்படாமல், ஏற்கெனவே நம் கையில் உள்ள பொருளிலிருந்து புறப்பட வேண்டும். பணச் செயலி என்றால் அதைத் திறந்து, சிக்கலான அந்தப் பரிவர்த்தனையையே தொடுங்கள். அதன் அடியில் உதவி அல்லது புகார் என்ற பொத்தான் இருக்கும். அங்கிருந்து செய்யும் புகாரில் தொகை, நேரம், 12 இலக்கப் பரிவர்த்தனை எண் ஆகியவை தாமாகவே சேர்ந்துவிடும். அந்த 12 இலக்க எண்ணைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள், வங்கியிலும் அதைத்தான் கேட்பார்கள். பதில் மெதுவாகத்தான் வரும், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் மேலே சொன்ன 5 நாள் கணக்கு தெரிந்தவருக்குக் காத்திருப்பது கடினமல்ல.

வங்கியோடு பேச வேண்டுமானால் பற்று அட்டையின் பின்புறத்தில் எண் அச்சாகியிருக்கும், கணக்குப் புத்தகத்திலும் இருக்கும். இணையத்தில்தான் பார்க்க வேண்டும் என்றால் முகவரியின் முடிவைப் பாருங்கள். ரிசர்வ் வங்கியின் உத்தரவுப்படி வங்கிகள் 2025 அக்டோபர் 31-க்குள் தம் இணையதளங்களை .bank.in என்று முடியும் முகவரிக்கு மாற்ற வேண்டியிருந்தது. அந்த முடிவைப் பெற வங்கிக்கு மட்டுமே உரிமை உண்டு, தெருவில் போகிறவன் வாங்க முடியாது. பணச் செயலிகளுக்கு இந்த வசதி இல்லை, அவற்றுக்கு உள்ளேயிருந்து போவதே வழி.

எண்ணைப் பார்த்தே கண்டுகொள்ள முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. 6, 7, 8, 9-இல் தொடங்கும் சாதாரணக் கைப்பேசி எண் ஒரு பெரிய நிறுவனத்தின் உதவி எண் என்று வந்தால் விலகிவிடுங்கள். 1800 என்று தொடங்குவதால் மட்டும் உண்மை என்று கொள்ளாதீர்கள். அழைத்த பிறகு எதைச் செய்யச் சொல்கிறார்கள் என்பதே தெளிவான அடையாளம். வாட்ஸ்அப்பில் கோப்பு அனுப்பி நிறுவச் சொல்வது, திரையைப் பகிரச் சொல்வது, ஓடிபியைக் கேட்பது, பின் எண்ணை இடச் சொல்வது ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் பேச்சை வெட்டுங்கள். மரியாதைக் குறைவாகிவிடுமோ என்ற தயக்கம் நம் பெண்களுக்கு நிறைய உண்டு. சகோதரியும் நடுவில் சந்தேகப்பட்டிருக்கிறார். இவ்வளவு நேரம் பொறுமையாகப் பேசிய மனிதரிடம் எப்படிப் போனை வைப்பது என்றுதான் தொடர்ந்தாராம்.

பணம் போன பின் அவர் யாரிடமும் சொல்லவில்லை. கணவர் என்ன சொல்வாரோ, மாமியார் என்ன நினைப்பாரோ என்ற அச்சம். மறுநாள் காலையில்தான் தம்பியிடம் அழுதார். இந்த ஓர் இரவுக்கான விலை பெரிது. நாடு முழுவதற்குமான 1930 என்ற எண் இதற்காகவே இருக்கிறது. அதில் புகார் பதிவானால் பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் சென்று, அந்தக் கணக்கில் இன்னும் மிச்சமிருக்கும் தொகை நிறுத்திவைக்கப்படும். எடுத்துவிட்ட தொகையை நிறுத்த முடியாது. திருடன் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்கு நிமிடக்கணக்கில் மாற்றுகிறான். cybercrime.gov.in தளத்திலும் பதியலாம்.

அதோடு தம் வங்கிக்கும் உடனே தெரிவிக்க வேண்டும். இதற்குச் சட்டக் காரணம் உண்டு. ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளர் தாமே இரகசிய விவரத்தைக் கொடுத்ததால் ஏற்பட்ட இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவருடையது. தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியுடையது. திரைப்பகிர்வுச் செயலி இன்னும் கைப்பேசியில் இருக்கும் நிலையில் இந்த வேறுபாடு சிறிதல்ல. இணையத் தொடர்பைத் துண்டித்து அந்தச் செயலியை நீக்கிய பின், வேறொரு கைப்பேசியிலிருந்து வங்கியை அழைப்பது நல்லது. எழுத்து மூலமும் புகார் கொடுத்து எண் வாங்கிக்கொள்ளுங்கள். 30 நாட்களில் பதிலில்லை என்றாலோ, வந்த பதில் திருப்தியில்லை என்றாலோ cms.rbi.org.in தளத்தில் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

சகோதரியின் இரண்டு பரிவர்த்தனைகளில் முதலாவது அன்றிரவே ஏடிஎம்மில் எடுக்கப்பட்டுவிட்டது. இரண்டாவதில் 11,000 ரூபாய் மட்டும் ஒரு கணக்கில் நிறுத்தப்பட்டிருக்கிறது, உரிய நடைமுறை முடிந்தால் கைக்கு வரும், இன்ஷா அல்லாஹ். கணவர் துபாயிலிருந்து பேசியபோது திட்டவில்லை. "நேத்து ராத்திரியே சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டாராம்.