முப்பது சதவீதம் என்று எழுதியிருந்தால் போதுமா?

இன்று கொஞ்சம் கோபமாக எழுதுகிறேன்.

என் தங்கையின் பேத்திக்குப் போன தையில் நிச்சயதார்த்தம். முகம் களையில்லாமல் இருக்கிறது என்று ஆன்லைனில் 30 சதவீத கிளைக்காலிக் அமிலம் வாங்கியிருக்கிறாள். முதல் நாள் பார்லரில் முகத்துக்கு வாக்ஸிங். மறுநாள் அமிலத்தைத் தடவிப் பத்து நிமிடம் உட்கார்ந்திருந்தாள். எரிந்ததாம். “எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு வீடியோல சொன்னாங்க தாத்தா” என்றாள். கன்னத்தில் வெள்ளை பூத்து, தோல் உரிந்து, பிறகு அந்த இடமே கருத்துவிட்டது. நம் மாதிரி மாநிறத் தோலில் புண் ஆறினாலும் கருமை மாதக்கணக்கில் நிற்கும். எந்தப் பொலிவுக்காகச் செய்தாளோ, அதுவே போயிற்று.

எனக்குக் கோபம் அவள்மேல் இல்லை, அந்த பாட்டில்மேல். சதவீதத்தைக் கொட்டை எழுத்தில் போட்டவன் பிஎச் அளவைப் போடவில்லை. பிளஸ் டூவில் படித்தது ஞாபகம் இருக்கிறதா? கிளைக்காலிக்குக்கும் லாக்டிக்குக்கும் பிகேஏ சுமார் 3.8. கரைசலின் பிஎச் அதே 3.8 என்றால் அமிலத்தில் பாதிதான் தோலுக்குள் இறங்கும் வடிவில் இருக்கும். அப்போது 10 சதவீதம் என்பது 5தான். பிஎச் 2 என்றால் கிட்டத்தட்ட முழுதும் இறங்கும். அந்த 30 சதவீதம் 30ஆகவே முகத்தில் உட்காரும். இரண்டுக்கும் ஆறு மடங்கு வித்தியாசம்! விலைச்சீட்டில் மூன்று மடங்காகத்தான் தெரியும்.

இந்த அமிலம் செய்வதெல்லாம் மேல்தோலின் செத்த செல்களைப் பிடித்திருக்கும் ஒட்டைத் தளர்த்துவதுதான். அந்த மேல்படலம் சீரானால் வெளிச்சம் சீராகப் பட்டுத் திரும்பும், முகம் தெளிவாகத் தெரியும். அதற்கு 5 முதல் 10 சதவீதம், பிஎச் 3.5க்குக் குறையாதது போதும். லாக்டிக்கில் தொடங்குங்கள், மூலக்கூறு சற்றுப் பெரியது, மெதுவாக இறங்கும். முதலில் காதுக்குக் கீழே தாடையோரம் தடவி இரண்டு நாள் பாருங்கள். பிறகு வாரம் ஒரு இரவு மட்டும். முன்னும் பின்னும் ஒரு வாரத்துக்கு வாக்ஸிங், திரெடிங், ஸ்கிரப் கிடையாது. பருவுக்கு ட்ரெட்டினாயின் போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். பகலில் சன்ஸ்கிரீன் போட முடியாது என்றால் இதுவும் வேண்டாம்.

லேசான குறுகுறுப்பு சரி. எரிச்சல் ஏறிக்கொண்டே போனாலோ வெள்ளை பூத்தாலோ கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். குழாயைத் திறந்து நிறையத் தண்ணீரில் கழுவுங்கள். முகம் கழுவினாலே காந்துகிறது, பளபளவென்று இறுக்கமாக இருக்கிறது என்றால் அளவு மீறிவிட்டது என்று அர்த்தம். பலர் அந்தப் பளபளப்பைப் பொலிவு என்று நினைத்து மறுபடியும் தடவுகிறார்கள். எல்லாவற்றையும் நிறுத்திச் சில வாரம் வெறும் மாய்ஸ்சரைசர் போதும்.

அதிக வீரியமுள்ள பீல்களை வீட்டில் போடாதீர்கள் என்று அமெரிக்க எஃப்.டி.ஏ.வே 2024இல் எச்சரித்தது. இங்கே பால் பாக்கெட் மாதிரி வீட்டு வாசலில் வந்து விழுகிறது.

பிஎச் அச்சிடாத பாட்டிலைப் படம் எடுத்து “சார், இது ஓகேவா?” என்று இனி யாரும் இன்பாக்ஸில் அனுப்பாதீர்கள். பதில் தெரியும்தானே.