தசமி காலையில் 'ஹேப்பி பிஜோயா' அனுப்பலாமா? கொல்கத்தா தெரு பூஜையின் வாழ்த்து இலக்கணம்

வேலைக்காக கொல்கத்தா போய் வாடகைக்கு வீடு எடுத்த கையோடு, உங்களை ஒரு வாட்ஸ்அப் குரூப்பில் சேர்த்துவிடுவார்கள். அதுதான் 'பாரா' குரூப். பாரா என்றால் நம்ம ஊர்க் கணக்கில் ஏரியா, தெரு. துர்கா பூஜை நெருங்கினால் சந்தா ரசீது, பந்தல் வேலை, போக் சாப்பாட்டு கூப்பன் என்று எல்லாமே அதில்தான் ஓடும். கூடவே வாழ்த்துகளும் வரும். நாமும் பதிலுக்கு ஒன்று தட்டிவிட வேண்டியதுதானே என்று தோன்றும். ஆனால் அங்கே எந்த நாளில், யாருக்கு, எந்தச் சொல் என்பதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது.

தெரு பூஜைக்கு ஏன் தனி மொழி?

வங்காளத்தில் ஒரு காலத்தில் துர்கா பூஜை ஜமீன்தார் வீட்டு விசேஷம். பின்னர் ஊர்க்காரர்கள் சந்தா போட்டு நடத்தும் 'பாரோவாரி' பூஜை வந்தது. பாரோ என்றால் பன்னிரண்டு, யார் என்றால் நண்பர். ஹூக்ளி மாவட்டம் குப்திபாராவில் பன்னிரண்டு நண்பர்கள் சேர்ந்து தொடங்கிய பூஜையிலிருந்து இந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள். அடுத்த கட்டமாக வந்த சொல் 'சர்போஜனீன்', அதாவது எல்லா மக்களுக்குமானது. இன்றும் பல பாரா கமிட்டிகளின் பெயரிலேயே இந்தச் சொல் இருக்கும்.

வீட்டுப் பூஜையில் வாழ்த்து குடும்பத்துக்குள் முடிந்துவிடும். தெரு பூஜையில் அப்படி இல்லை. வேறு மதத்துக்காரர், வெளி மாநிலத்திலிருந்து வந்தவர், சமீபத்தில் வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்தவர் என எல்லோரும் அதே மெசேஜைத்தான் படிக்கிறார்கள். சந்தா கொடுத்த ஒருவர் 'இது எனக்கு இல்லை போல' என்று நினைத்துவிட்டால் சர்போஜனீன் என்ற பெயர் பேனரில் மட்டும்தான் மிஞ்சும்.

அதனால்தான் கமிட்டி பேனர்களில் 'ஷாரதீய ஷுபேச்சா' என்ற வாசகத்தை அதிகம் பார்க்கலாம். ஷரத் என்பது மழை ஓய்ந்து காஷ் புல் வெள்ளையாகப் பூக்கும் பருவம். 'ஷரத் கால வாழ்த்துகள்' என்றால் பக்தரும் ஏற்பார், சாமி கும்பிடாதவரும் ஏற்பார். பூஜையும் மறையவில்லை, யாரும் வெளியே நிற்கவும் இல்லை. பொதுவில் கமிட்டி பேசும்போது இதுதான் சரியான தேர்வு என்பது நம் கருத்து.

'ஷுபோ மஹாலயா': வருஷா வருஷம் வரும் சண்டை

பூஜைக்கு ஒரு வாரம் முன்பு வருவது மஹாலயா. விடியற்காலை நான்கு மணிக்கு வானொலியில் பீரேந்திர கிருஷ்ண பத்ராவின் குரலில் 'மகிஷாசுரமர்த்தினி' ஒலிக்கும். 1930-களில் தொடங்கிய வழக்கம் இது. பூஜை வந்துவிட்டது என்ற உணர்வு பலருக்கு அதில்தான் பிறக்கிறது. உடனே 'ஷுபோ மஹாலயா' என்று மெசேஜ்கள் பறக்கும்.

ஆனால் அதே காலையில் கங்கைக் கரைப் படித்துறைகளில் ஆயிரக்கணக்கானோர் முன்னோருக்குத் தர்ப்பணம் செய்துகொண்டிருப்பார்கள். அது நமக்குத் தெரிந்த மகாளய அமாவாசைதான். 'மகாளய அமாவாசை நல்வாழ்த்துகள்' என்று நாம் யாருக்காவது சொல்வோமா? அந்த நெருடல்தான் அங்கும். தேவியின் பக்ஷம் தொடங்குகிறது, வாழ்த்தினால் என்ன என்று கேட்பவர்களும் உண்டு. தனிப்பட்ட முறையில் யாரும் எதையும் சொல்லிக்கொள்ளலாம். கமிட்டி என்றால், 'இன்று மஹாலயா. இன்னும் சில நாளில் அம்மா வருகிறாள்' என்று எழுதினால் போதும். தர்ப்பணம் முடித்து வருகிறவருக்கும் அது உறுத்தாது.

தசமியில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள்

நமக்கு விஜயதசமி என்றால் புதுசா ஒன்றைத் தொடங்குகிற நாள். குழந்தைக்கு அட்சராப்பியாசம், பாட்டு வகுப்பு, புதுக் கணக்கு. எனவே காலையிலேயே வாழ்த்து அனுப்பிவிடுவோம். வங்காளியின் தசமி காலை வேறு மாதிரி. பிறந்த வீட்டுக்கு வந்த மகள் புகுந்த வீட்டுக்குக் கிளம்பும் நாள் அது. பெண்கள் தேவியின் வாயில் இனிப்பு வைத்து, முகத்தை வெற்றிலையால் ஒற்றி வழியனுப்புவார்கள். அந்த நேரத்தில் 'ஹேப்பி' என்று ஒரு மெசேஜ் வந்தால் எப்படி இருக்கும்? கல்யாணப் பெண் கிளம்பும்போது வாசலில் நின்று கைதட்டுகிற மாதிரி.

'ஷுபோ பிஜோயா' என்பது சிலை கரைந்த பிறகு சொல்வது. 'ஆஷ்சே பொச்சோர், ஆபார் ஹோபே', அதாவது 'வர்ற வருஷம் மறுபடி நடக்கும்' என்று கோஷமிட்டுக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவார்கள். திரும்பி வந்து காலிப் பந்தலில் சாந்தி ஜலம் தெளித்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகுதான் பெரியவர்கள் காலைத் தொடுவது, ஒருவரையொருவர் கட்டித் தழுவுவது, இனிப்பு எல்லாம்.

பெரிய பூஜைகள் சிலவற்றில் கார்னிவல் ஊர்வலத்துக்காகச் சிலையைச் சில நாள் வைத்திருப்பார்கள். அங்கே என்ன செய்வது? தசமியன்றே நீரில் கண்ணாடிப் பிம்பத்தை வைத்து விசர்ஜனச் சடங்கை முடித்துவிடுவதால், அன்று மாலையே வாழ்த்தத் தொடங்குபவர்கள் உண்டு. குழப்பமாக இருந்தால் பாராவின் மூத்தவர் ஒருவர் முதலில் சொல்லும்வரை காத்திருங்கள். தாமதமானால் தப்பில்லை, காளி பூஜை வரைக்கும் பிஜோயா வாழ்த்து செல்லும். முந்திக்கொள்வதுதான் தப்பு.

வயசுக்கேற்ற சொல்

பிஜோயா வாழ்த்தில் எல்லோருக்கும் ஒரே சொல் கிடையாது. பெரியவருக்கு 'ப்ரொணாம்', சம வயதினருக்கு 'ப்ரீதி ஓ ஷுபேச்சா', சிறியவருக்கு 'பாலோபாஷா'. நம்ம வீட்டுப் பழைய கடிதங்களில் பெரியவர்களுக்கு நமஸ்காரமும் குழந்தைகளுக்கு ஆசீர்வாதமும் எழுதியதைப் போலத்தான். இருபத்தைந்து வயதுக்காரர் எழுபது வயது தாத்தாவுக்கு 'பாலோபாஷா' என்று அனுப்பினால் அவர் சிரித்துக்கொண்டு விட்டுவிடலாம். ஆனாலும் கவனிக்காமல் இருக்க மாட்டார்.

அப்படியானால் எல்லா வயதினரும் இருக்கும் குரூப்பில்? அதற்கும் ஒரு வழக்கமான வரி இருக்கிறது: 'போடோதேர் ப்ரொணாம், சோட்டோதேர் பாலோபாஷா'. பெரியவர்களுக்கு வணக்கம், சின்னவர்களுக்கு அன்பு.

ஒரு மெசேஜைத் திருத்திப் பார்ப்போம்

ஒரு கமிட்டி தசமி காலை எட்டு மணிக்கு இப்படி அனுப்புவதாக வைத்துக்கொள்வோம்: 'அனைத்து இந்து சகோதரர்களுக்கும் ஹேப்பி பிஜோயா! சந்தா பாக்கி உள்ளவர்கள் உடனே கட்டவும்.'

முதல் சிக்கல் நேரம். பந்தலில் தேவி இன்னும் நிற்கிறாள். இரண்டாவது, 'இந்து சகோதரர்' என்ற இரண்டே சொற்களில் சந்தா கொடுத்த மற்ற மதத்தவரும், பூஜை வேலையில் பாதியைச் சுமந்த பெண்களும் வெளியே போய்விட்டார்கள். மூன்றாவது, பாக்கி வசூல். வாழ்த்தோடு அது ஒட்டிக்கொண்டதும் வாழ்த்தே நோட்டீஸ் ஆகிவிடுகிறது.

திருத்தினால் காலையில் தகவல் மட்டும் போகும்: 'இன்று மாலை விசர்ஜனம். எல்லோரும் வாருங்கள்.' இரவு திரும்பியதும்: 'ஷுபோ பிஜோயா. பெரியவர்களுக்கு வணக்கம், சிறியவர்களுக்கு அன்பு. இந்த வருடம் துக்கத்தில் இருக்கும் வீடுகளோடு பாரா துணை நிற்கிறது. ஆஷ்சே பொச்சோர், ஆபார் ஹோபே.' பாக்கி விஷயம் இரண்டு நாள் கழித்து, சம்பந்தப்பட்டவருக்குத் தனியாக.

துக்க வீட்டுக்கு அந்த ஒரு வரி முக்கியம். பெற்றோரை இழந்த வீட்டில் ஒரு வருடம் கொண்டாட்டம் இல்லாமல் இருக்கும் வழக்கம் அங்கேயும் உண்டு. அவர்களுக்குத் தனியாக 'ஷுபோ பிஜோயா' மெசேஜ் அனுப்புவதைவிட, நேரில் போய் பெரியவரின் காலைத் தொட்டுவிட்டு வருவதே மேல்.

'கொல்கத்தா துர்கா பூஜை' 2021-ல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்தது. பந்தலும் சிலையும் உலகத்துக்குத் தெரிந்துவிட்டன. ஆனால் ஒரு பாரா நிஜமாகவே எல்லோருக்குமானதா என்பதை அந்தத் தெருக்காரர்கள் தங்கள் போனில் வரும் நாலு வரியை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.