380 ரூபாய் அபராதமும் ஒரு கையெழுத்தும்

கொழுந்து பறிக்கும் நம் அங்கத்தவர் ஒருவர் ஒன்பது வருடங்களாக ஆயுட் காப்புறுதி கட்டி வருகிறார். மாதம் 2,450 ரூபாய். கையில் கொண்டுபோய்க் கட்டுவதில்லை. சம்பளம் வங்கிக்கு வந்ததும் 12ஆம் திகதி தானாகக் கழிந்து கம்பனிக்குப் போகும்படி வங்கியில் நிலையியற் கட்டளை கொடுத்திருக்கிறார். கடந்த ஒக்டோபரில் அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் கிடைத்தது. ஓகஸ்ட் கடைசியில் எழுதப்பட்ட கடிதம் அது. லயத்துக்கென்று தனி விலாசம் இல்லாததால் தோட்ட ஆபிஸ் மேசையில் ஒரு மாதத்துக்கு மேல் கிடந்திருக்கிறது. மகள் அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்து வந்து வாசிக்கக் கேட்டபோதுதான் விஷயம் நமக்குத் தெரிந்தது. கட்டுப்பணம் வராததால் காப்புறுதி காலாவதியாகி விட்டது என்று அதில் இருந்தது.

அதற்குள் முகவர் வீட்டுக்கு வந்து போயிருந்தார். "அக்கா, மூன்று மாதக் காசும் 380 ரூபாய் அபராதமும் கட்டி, இந்தப் படிவத்தில் ஒரு கையெழுத்துப் போடுங்க, எல்லாம் பழையபடி வந்திரும்" என்றாராம். மொத்தம் 7,730 ரூபாய். அக்கா தோட்டைக் கழற்றி அடகு வைக்கத் தயாராகியிருந்தார். முகவரைக் குறை சொல்வதற்கில்லை, அவருக்குத் தெரிந்த வழி அதுதான். ஆனால் நாம் முதலில் கேட்டது பாஸ் புத்தகத்தை.

பாஸ் புத்தகத்தைப் பதிந்து பார்த்தால் மூன்றில் ஒன்று தெரியும். காசு கழிந்திருந்தால் அது எங்கேயோ போய் நிற்கிறது என்று அர்த்தம். கழியவில்லை, ஆனால் அன்றைக்குக் கணக்கில் போதிய பணம் இருந்தது என்றால் வங்கி கட்டளையை நிறைவேற்றவில்லை. முதலாவது வங்கியின் பிழையாகவோ கம்பனியின் பிழையாகவோ இருக்கலாம், இரண்டாவது வங்கியின் பிழை. மூன்றாவது, கழிவதற்குரிய நாளில் கணக்கில் பணமே இல்லாதது. தோட்டம் சம்பளத்தைப் பிந்திப் போட்டிருந்தாலும் அது வங்கியின் பிழை ஆகாது. அப்படியானால் சம்பளம் பிந்தியதற்குத் தோட்ட ஆபிஸில் கடிதம் வாங்கி, அபராதத்தை விட்டுத் தாருங்கள் என்று சலுகையாகத்தான் கேட்கலாம், உரிமையாகக் கேட்க முடியாது. இதை முதலிலேயே பிரித்துப் பார்க்காமல் வங்கியோடு சண்டைக்குப் போய் முகம் சுருங்கித் திரும்பியவர்களும் நம்மில் உண்டு.

அக்காவின் புத்தகத்தில் ஜூலை, ஓகஸ்ட், செப்டெம்பர் மூன்று மாதமும் 12ஆம் திகதி 2,450 கழிந்திருந்தது. ஜூனில் வங்கி அவருடைய கணக்கை மாற்றியபோது கட்டளையையும் புதிதாகப் பதிந்திருக்கிறார்கள். அப்போது காப்புறுதி இலக்கத்தின் கடைசி இரண்டு எண்கள் இடம் மாறி, 74 என்பது 47 ஆகிவிட்டது. அப்படியொரு இலக்கம் கம்பனியில் இல்லை. ஆகவே யாருடையது என்று தெரியாத பணமாக அது கம்பனியின் தனிக் கணக்கொன்றில் கிடந்தது. ஜூலைக் கட்டுப்பணத்துக்கான 30 நாள் சலுகைக் காலம் முடிந்ததும் கணினி காப்புறுதியைக் காலாவதி என்று பதிந்துவிட்டது. காசும் கம்பனியிடம், அபராதமும் கம்பனிக்கு!

380 ரூபாய் அரைப் பேருக்கும் குறைவு. கட்டிவிட்டுப் போகலாமே என்று சிலர் கேட்டார்கள். விஷயம் அந்தக் காசில் இல்லை, முகவர் கொண்டு வந்த படிவத்தில் இருந்தது. காலாவதியானதைத் திரும்ப நடைமுறைக்குக் கொண்டுவரும் விண்ணப்பம் அது. அதன் பின்பக்கம் இன்றைய உடல்நிலை பற்றிய பிரகடனம். அக்காவுக்கு ஓகஸ்டில்தான் கிளினிக்கில் சீனி வருத்தம் என்று சொல்லியிருந்தார்கள். உண்மையை எழுதினால் கம்பனி கட்டுப்பணத்தைக் கூட்டலாம், மறுக்கவும் செய்யலாம். மறைத்து எழுதினால் நாளைக்குப் பிள்ளைகள் காசு கேட்டுப் போகும்போது அந்தப் பொய்யே வழியை மறிக்கும். போதாததற்கு, இப்படிப் புதுப்பித்தால் சில நன்மைகளுக்கான காத்திருப்புக் காலத்தை முதலிலிருந்து எண்ணும் காப்புறுதிகளும் இருக்கின்றன. ஒன்பது வருடம் கட்டியவர் நேற்றுச் சேர்ந்தவர் போல ஆகிவிடுவார். ஆகவே கையெழுத்துப் போட வேண்டாம் என்றோம்.

முதலில் போன இடம் வங்கி. முகாமையாளர் நல்லபடியாகத்தான் பேசினார். "சிஸ்டம் பிழை, நாங்கள் கம்பனிக்குப் போன் பண்ணிச் சொல்லுகிறோம்" என்றார். போனில் சொன்னது எந்தக் கோப்பிலும் ஏறாது. கடிதமாக வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, நம் பிரதியில் திகதியோடு முத்திரை வாங்கிக்கொண்டோம். ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. நாம் கேட்டபடி அதில் சரியான இலக்கம், பிழையாகப் பதிந்த இலக்கம், காசு கழிந்த மூன்று திகதிகள், பிழை வங்கியுடையது என்ற ஒரு வரி, எல்லாம் இருந்தன. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் கம்பனியின் அலுவலருக்கு அபராதத்தை நீக்கக் காரணம் காட்ட எதுவும் இல்லை.

அதன் பிறகு கம்பனிக்கு எழுதினோம். கடிதத்தின் முக்கிய பகுதி இதுதான்:

"மேற்படி காப்புறுதிக்குரிய ஜூலை, ஓகஸ்ட், செப்டெம்பர் கட்டுப்பணம் உரிய நாட்களில் எனது கணக்கிலிருந்து கழிக்கப்பட்டு உங்களுக்கு அனுப்பப்பட்டுள்ளது. வங்கி இலக்கத்தைப் பிழையாகப் பதிந்ததால் அது என் பெயரில் சேரவில்லை. வங்கியின் கடிதம், பாஸ் புத்தகப் பிரதி, நிலையியற் கட்டளைப் பிரதி என்பவற்றை இணைத்துள்ளேன். அப்பணத்தை அந்தந்தத் திகதியில் கிடைத்ததாக வரவு வைக்கவும், 380 ரூபாய் அபராதத்தை நீக்கவும், காலாவதி என்ற பதிவை இரத்துச் செய்து, காப்புறுதி இடையறாது நடைமுறையில் இருந்ததாக எழுத்தில் அறிவிக்கவும் வேண்டுகிறேன்."

அபராதத்தை மட்டும் கேட்டிருந்தால் அதை மட்டுமே தந்திருப்பார்கள். முதற் பதில் அப்படித்தான் வந்தது: அபராதம் நீக்கப்பட்டது, ஆனால் உடல்நிலைப் பிரகடனம் வேண்டும். பணம் உரிய நாளிலேயே கிடைத்ததென்றால் காலாவதி எப்படி ஏற்பட்டது என்று கேட்டு இரண்டாவது கடிதம் எழுதினோம். நவம்பர் கடைசியில் மூன்று வேண்டுகோளும் ஏற்கப்பட்டதாகப் பதில் வந்தது. இதற்கிடையில் ஒக்டோபர், நவம்பர் கட்டுப்பணத்தை அக்கா சரியான இலக்கத்துக்குக் கம்பனிக் கிளையில் நேரில் கட்டி ரசீது வைத்திருந்தார். வழக்கு நடக்கிறதே என்று அதை நிறுத்தியிருந்தால் புதிய நிலுவை சேர்ந்திருக்கும், அதற்கு வங்கியைச் சாட்ட முடியாது.

கம்பனி மறுத்திருந்தால் அடுத்ததாகக் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ இலங்கை காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ போயிருப்போம். வங்கி கடிதம் தர மறுத்திருந்தால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களம் இருக்கிறது, தொலைபேசி 1935. எங்கே போனாலும் முதலில் கேட்பது, நீங்கள் கம்பனிக்கோ வங்கிக்கோ எழுதினீர்களா, என்ன பதில் வந்தது என்பதைத்தான். முத்திரை வாங்கிய பிரதிகள் அதற்காகவே.

கட்டளையைப் புதுப்பித்த எல்லோரும், வங்கி தரும் பிரதியிலுள்ள இலக்கத்தைக் காப்புறுதிப் பத்திரத்தோடு ஒவ்வொரு எண்ணாக ஒப்பிட்டுப் பாருங்கள். முதல் மாதம் காசு கழிந்ததும் கம்பனிக்குப் போன் செய்து வந்து சேர்ந்ததா என்று கேளுங்கள். ஆங்கிலக் கடிதம் வந்தால் பெட்டிக்குள் வைக்காமல் தோட்டத் தலைவரிடமோ பள்ளிக்கூடத்திலோ காட்டுங்கள். ஆபிஸில் கிடக்கும் கடிதங்களை வாரம் ஒருமுறை லயங்களுக்கு அனுப்ப வேண்டும் என்று துரையிடம் எழுத்தில் கேட்டிருக்கிறோம்.

இந்த அலைச்சலில் அக்காவுக்கு இரண்டு பேர் போனது. அந்தச் சம்பளத்தையும் பஸ் காசையும் தரும்படி வங்கிக்கு எழுதியிருக்கிறோம். இன்னும் பதில் இல்லை.