வெளிநாட்டு வேலை மோசடி: போலி முகவரைக் காட்டிக்கொடுக்கும் மூன்று தடயங்கள்

கொல்கத்தா: 2018-ஆம் ஆண்டு ஏப்ரல் 2-ஆம் தேதி, இராக்கில் இருந்து 38 இந்தியத் தொழிலாளர்களின் உடல் எச்சங்களை ஏற்றிவந்த இந்திய விமானப்படையின் சிறப்பு விமானம் அமிருதசரஸ், பாட்னா, கொல்கத்தா ஆகிய மூன்று நகரங்களில் தரையிறங்கியது. அவர்களில் இருவர் மேற்கு வங்கத்தின் நதியா மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். கட்டுமானப் பணிக்காக மொசூல் நகருக்குச் சென்றிருந்த அவர்கள், 2014-இல் ஐ.எஸ். அமைப்பினரால் கடத்திக் கொல்லப்பட்டவர்கள். எச்சங்களை உடன் எடுத்துவந்த அப்போதைய வெளியுறவுத் துறை இணையமைச்சர் வி.கே.சிங், இவர்கள் சட்டவிரோத முகவர்கள் மூலம் சென்றதாகவும், எந்த இந்தியத் தூதரகத்திலும் இவர்களைப் பற்றிய பதிவு இல்லை என்றும் தெரிவித்தார்.

போர்ச்சூழலுக்கு முகவர்கள் காரணம் அல்லர். எனினும், 'பதிவு இல்லை' என்ற அந்தச் சொற்களில் போலி முகவர்களின் தொழில் முறை முழுவதும் அடங்கியிருக்கிறது. தொழிலாளரின் பெயரோ, முதலாளியின் பெயரோ, வாங்கிய பணமோ அரசின் எந்த ஏட்டிலும் இடம்பெறாமல் ஆளை விமானம் ஏற்றிவிடுவதே அவர்களது உத்தி. எனவே, ஒரு வேலைவாய்ப்பு உண்மையானதா என்பதை அறிய விரும்புவோர், அது எந்த இடங்களில் பதிவைத் தவிர்க்கிறது என்று பார்த்தாலே போதும்.

கட்டணம் சொல்லும் உண்மை

1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் எவரும் வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் குடிபெயர்வோர் பாதுகாப்புத் தலைமை அலுவலரிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவ்வாறு பதிவு பெற்ற முகவர், தொழிலாளரிடம் இருந்து சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும், அதற்கான 18 சதவீத சரக்கு-சேவை வரியும் வாங்கலாம். இரண்டும் சேர்ந்து 35,400 ரூபாய். அதற்கு ரசீதும் தர வேண்டும்.

வெளியுறவு அமைச்சகம் 2023 டிசம்பரில் வெளியிட்ட எச்சரிக்கையில், பதிவு பெறாத முகவர்கள் 2 லட்சம் முதல் 5 லட்சம் ரூபாய் வரை வசூலிப்பதாகக் கூறியுள்ளது. இந்த வேறுபாடே முதல் தடயம். எடுத்துக்காட்டாக, கொல்கத்தாவில் ஒருவருக்கு வளைகுடா நாட்டில் வெல்டர் வேலை தருவதாக வாட்ஸ்ஆப்பில் செய்தி வருகிறது என்று கொள்வோம். கேட்கப்படும் தொகை 2 லட்சம் ரூபாய். 50,000 ரூபாய் முன்பணம், மீதி விசா நகல் வந்தவுடன். இந்த முன்பணமே சட்டம் அனுமதிக்கும் முழுக் கட்டணத்தை விட அதிகம். விசாவுக்கு, மருத்துவப் பரிசோதனைக்கு, 'மேலிடத்துக்கு' என்று தொகையைப் பிரித்துச் சொன்னாலும், ஒவ்வொன்றுக்கும் நிறுவனத்தின் பெயரில் ரசீது கேட்டால் உண்மை வெளிப்பட்டுவிடும். ரசீது தர மறுப்பவரிடமும், தனிநபர் வங்கிக் கணக்கில் பணம் போடச் சொல்பவரிடமும் பேச்சை அத்துடன் நிறுத்திக்கொள்வதே நலம்.

உரிம எண்ணும் இரவல் பெயரும்

இரண்டாவது தடயம் உரிம எண். பதிவு பெற்ற முகவர், B என்ற எழுத்தில் தொடங்கும் தமது உரிம எண்ணை அலுவலகத்திலும், சமூக ஊடகம் உள்ளிட்ட விளம்பரங்களிலும் காட்ட வேண்டும். அந்த எண் நடப்பில் உள்ளதா என்பதை www.emigrate.gov.in என்ற அரசு இணையதளத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கலாம். காலாவதியான உரிமமும், இடைநிறுத்தப்பட்ட உரிமமும் உரிமம் இல்லாததற்குச் சமம்.

ஆனால், எண் சரியாக இருப்பது மட்டும் போதாது. உண்மையான நிறுவனம் ஒன்றின் பெயரையும் எண்ணையும் இரவல் எடுத்து, தொலைபேசி எண்ணை மட்டும் மாற்றி விளம்பரம் செய்வது எளிது. ஆகவே, விளம்பரத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, அரசு இணையதளத்தில் அந்நிறுவனத்துக்கு உரியதாகக் குறிப்பிடப்பட்டுள்ள எண்ணை அழைத்து, இந்த வேலைக்கு ஆள் எடுப்பது உண்மையா, தொடர்புகொண்ட நபர் அவர்களது ஊழியரா என்று கேட்க வேண்டும்.

கிராமங்களில் இருந்து ஆள் திரட்டும் துணை முகவர்கள் பிடிபடுவது பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான். தாம் ஒரு பெரிய நிறுவனத்தின் ஆள் என்று அவர்கள் சொல்லிக்கொண்டாலும், உரிமம் அவர்களுக்குப் பொருந்தாது. அதேபோல், 'விசா ஆலோசகர்', 'பயண முகவர்' என்ற பெயர்ப்பலகைகள் வேலைக்கு ஆள் சேர்க்கும் உரிமையைத் தருவதில்லை.

சுற்றுலா விசா என்னும் பொறி

மூன்றாவது தடயம் விசாவின் வகை. பத்தாம் வகுப்பு தேறாதவர்கள் பெரும்பாலும் 'இ.சி.ஆர்.' முத்திரை உள்ள கடவுச்சீட்டு வைத்திருப்பார்கள். அவர்கள் வளைகுடா நாடுகள், இராக், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி பெற வேண்டும். கொல்கத்தாவிலும் இந்த அலுவலகம் உள்ளது. முதலாளி யார், ஊதியம் எவ்வளவு என்பவை அங்கே பதிவாகும். பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற 10 லட்சம் ரூபாய் காப்பீடும் கட்டாயம். அதற்கான கட்டணம் இரண்டு ஆண்டுகளுக்கு 275 ரூபாய்தான்.

சுற்றுலாவாகச் செல்வோருக்கு இந்த அனுமதி தேவையில்லை. அந்த இடைவெளியைத்தான் போலி முகவர்கள் பயன்படுத்துகிறார்கள். 'இப்போது சுற்றுலா விசாவில் போங்கள், அங்கே வேலை விசாவாக மாற்றிக்கொள்ளலாம்' என்பது அவர்களது வழக்கமான வாக்குறுதி. விமான நிலையத்தில் சுற்றுலா என்றே சொல்லுமாறும் பயிற்சி அளிப்பார்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று அழைக்கப்பட்டு, மியான்மருக்குக் கடத்தப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்டவர்களுக்கும் இதுவே நேர்ந்தது. அங்கிருந்து மீட்கப்பட்ட தமிழர்கள் 13 பேர் 2022 அக்டோபரில் சென்னை திரும்பினர்.

பத்தாம் வகுப்பும் அதற்கு மேலும் படித்தவர்களுக்கு இந்த அனுமதி தேவைப்படாததால், அரசு அலுவலகம் ஒன்றில் அவர்களது ஒப்பந்தம் சரிபார்க்கப்படும் வாய்ப்பும் குறைவு. ஐரோப்பா, கனடா போன்ற இடங்களுக்குச் செல்வோர் நிலையும் அதுவே. அவர்கள் முதலாளி, முகவர், தொழிலாளர் மூவரும் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தையும், வேலை விசாவையும் கண்ணால் பார்க்கும் முன் பணத்தையோ மூலக் கடவுச்சீட்டையோ கொடுக்கக் கூடாது.

புகாரின் வலிமை

உரிமமின்றி ஆள் சேர்த்தால் 1983-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கும் தண்டனை, அதிகபட்சம் இரண்டு ஆண்டுச் சிறையும் 2,000 ரூபாய் அபராதமும்தான். ஒருவரிடம் பறிக்கும் லட்சங்களுக்கு முன் இந்த அபராதம் மிகச் சொற்பம். இச்சட்டத்தின் கீழ் வழக்குத் தொடர மத்திய அரசின் முன் அனுமதியும் வேண்டும். ஆனால், பாதிக்கப்பட்டவரோ, அவரது பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், உடன்பிறந்தோரோ புகார் அளித்தால் அந்த அனுமதி தேவையில்லை என்று சட்டமே விலக்கு அளிக்கிறது.

ஆகவே, பணத்தை இழந்தவர்கள் வெட்கத்தாலோ, 'திருப்பித் தருகிறேன்' என்ற பேச்சை நம்பியோ மௌனமாக இருந்தால், லாபம் முகவருக்கே. வாட்ஸ்ஆப் உரையாடல், பணம் செலுத்திய விவரம், போலி ஆவணங்களின் நகல் ஆகியவற்றை அழிக்காமல் வைத்துக்கொண்டு, காவல் நிலையத்திலும் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலகத்திலும் எழுத்துபூர்வமாகப் புகார் தரலாம். இணையம் வழியே பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் கொடுக்கும் முன்பே ஐயம் எழுந்தால், வெளியுறவு அமைச்சகத்தின் 1800 11 3090 என்ற கட்டணமில்லா எண்ணில் விசாரிக்கலாம்.